சதுரத்துக்கு வெளியே நீளும் மேசை

பழைய தேக்குப் பலகையின் மேல் மரச்செக்கு நல்லெண்ணெய் பாட்டில் ஒன்று நிற்கிறது. பின்னால் சுண்ணாம்பு பூசிய சுவர். பாட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு கருப்பட்டித் துண்டு; வலப்பக்கம் எள் நிரம்பிய மண் கிண்ணம். அந்தக் கிண்ணத்தின் பாதி படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. வெளிச்சம் இடமிருந்து வருவதால் பாட்டிலின் நிழல் வலப்புறம் சாய்ந்து கிடக்கிறது. படத்தின் அளவு 1200-க்கு 1200 பிக்சல், சரியான சதுரம். இப்போது கடையின் இணையதள முகப்பில் வைக்க, இதே படத்திலிருந்து 1920-க்கு 640 அளவில் ஒரு பேனர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம்.

படத்தை அவுட்பெயின்டிங் வசதியுள்ள ஒரு மென்பொருளில் போட்டு, இரண்டு ஓரங்களையும் பிடித்து இழுத்துவிட்டால் சில நொடிகளில் பேனர் வந்துவிடும். முதல் பார்வைக்கு அழகாகவும் இருக்கும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். ஒரு கிண்ணம் இருந்த இடத்தில் மூன்று கிண்ணங்கள். கருப்பட்டி பலகை நெடுகச் சிதறிக் கிடக்கிறது. இடது கோடியில் லேபிள் இல்லாத இன்னொரு பாட்டில் மங்கலாக முளைத்திருக்கிறது. நடுவில் இருக்கும் அசல் பாட்டிலும் தப்பவில்லை: லேபிளில் 'நல்லெண்ணெய்' என்ற சொல்லின் கொம்புகள் நெளிந்து, எழுத்து போன்ற ஏதோ ஒன்றாகிவிட்டன.

இந்த இரண்டு கோளாறுகளும், அதாவது பக்கத்துப் பொருள்கள் பெருகுவதும் விற்கும் பொருள் உருமாறுவதும், வெவ்வேறு காரணங்களால் வருகின்றன. அதனால் தீர்வுகளும் வேறு வேறு.

சதுரப் படங்கள் இவ்வளவு புழக்கத்தில் இருப்பதற்கு இன்ஸ்டாகிராமுக்குப் பெரிய பங்கு உண்டு. 2010-இல் தொடங்கிய அந்தச் செயலி 2015 ஆகஸ்ட் வரை சதுரத்தைத் தவிர வேறு வடிவத்தை ஏற்கவே இல்லை. இணையக் கடைகளில் பொருள்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டுவதற்கும் சதுரம்தான் வசதி. ஆகவே சிறு வியாபாரி ஒருவரிடம் தன் பொருளின் நல்ல படம் ஒன்று இருந்தால், அது பெரும்பாலும் சதுரமாகவே இருக்கிறது. கேமராவைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி எடுக்க முடிந்தால் அதைவிடச் சிறந்த வழி இல்லை. படம் எடுத்தவர் கிடைக்கவில்லை, பாட்டில் விற்றுத் தீர்ந்துவிட்டது, அந்த வெளிச்சம் மறுபடி வாய்க்கவில்லை என்னும்போதுதான் இந்த வேலைக்குத் தேவை வருகிறது.

இருக்கும் படத்தை அகலமாக்கும் முயற்சி புதியதல்ல. வெறுமனே இழுத்தால் பாட்டில் குண்டாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2007-இல் ஷாய் அவிதான், ஆரியல் ஷமீர் என்ற இருவர் வேறொரு வழி சொன்னார்கள். படத்தில் முக்கியமில்லாத இடங்கள் வழியாக, மேலிருந்து கீழாக ஒரு பிக்சல் அகலத்தில் வளைந்து செல்லும் கோடுகளைக் கண்டுபிடித்து, அந்த இடங்களில் மட்டும் படத்தைச் சுருக்கவோ விரிக்கவோ செய்யும் முறை அது. மறு ஆண்டு ஃபோட்டோஷாப்பில் இதையொத்த வசதி வந்தது. வெறும் வானம், புல்வெளி போன்றவற்றுக்கு அது நன்றாக வேலை செய்தது. மேசையின் நேர்கோட்டில்தான் நெளிவு தட்டியது. 2009-இல் வெளியான பேட்ச்மேட்ச் என்ற முறை, படத்திலேயே உள்ள சிறு சிறு துண்டுகளைத் தேடி எடுத்து வெற்றிடத்தில் ஒட்டியது. அதில் புதிதாக எதுவும் பிறக்காது. இருப்பதையே திரும்பத் திரும்ப ஒட்டும் என்பதால், பலகையில் ஒரு கணு இருந்தால் அதே கணு ஐந்து இடத்தில் தெரியும்.

2022 ஆகஸ்ட் 31-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் தனது டால்-ஈ 2 கருவியில் அவுட்பெயின்டிங் வசதியைச் சேர்த்தது. அதை அறிமுகப்படுத்தக் காட்டிய படங்களில் ஒன்றை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' ஓவியத்தை ஆகஸ்ட் காம்ப் என்ற கலைஞர் நாற்புறமும் விரித்திருந்தார். மூல ஓவியத்தில் பெண்ணின் பின்னால் இருப்பது வெறும் இருட்டு. விரித்த படத்திலோ அவளைச் சுற்றிச் சாமான்கள் நிறைந்த ஓர் அறையே வந்துவிட்டது. ஓவியத்துக்கு அது ரசிக்கத்தக்க கற்பனை. எண்ணெய் பாட்டிலுக்கு அதே கற்பனைதான் தொல்லை. 2023 ஜூலையில் ஃபோட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பிலும் படத்தின் ஓரத்தை இழுத்து விரிக்கும் வசதி வந்தபின், விளம்பரப் படங்கள் செய்வோர் எல்லோர் மேசைக்கும் இந்தக் கற்பனை வந்து சேர்ந்தது.

கற்பனை ஏன் கிண்ணத்தையே பெருக்குகிறது? இந்தக் கருவிகள் பெரும்பாலும் டிஃப்யூஷன் என்ற முறையில் இயங்குகின்றன. நிரப்ப வேண்டிய இடத்தில் முதலில் இருப்பது, சிக்னல் இல்லாத டிவித் திரையில் தெரியும் புள்ளிக்கூட்டம் போன்ற இரைச்சல். கருவி அதைப் படிப்படியாகத் துடைத்து, ஏற்கெனவே உள்ள படத்தோடும் நாம் எழுதிய விவரிப்போடும் பொருந்தும்படி ஒரு காட்சியாக்குகிறது. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய கருவிக்கு ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது: மேசையில் ஒரு கிண்ணம் எள் இருந்தால், பக்கத்தில் அதே போல இன்னொன்று இருப்பது வழக்கம்தான். உணவுப் படங்கள் அப்படித்தானே எடுக்கப்படுகின்றன! ஆகவே அது கண்ணில் படுவதை வைத்து ஊகிக்கிறது. கிண்ணத்தைக் காட்டினால் கிண்ணம் வரும்.

இதோடு இன்னொரு காரணமும் சேர்கிறது. ஒவ்வொரு மாடலும் ஒரு குறிப்பிட்ட அளவுப் படங்களில் பயிற்சி பெற்றிருக்கும். 2022-இல் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புக்கு அது 512-க்கு 512. மறு ஆண்டு வந்த எஸ்டிஎக்ஸ்எல் பதிப்புக்குச் சுமார் 1024-க்கு 1024. அந்த அளவைவிட மிக அகலமான பரப்பை ஒரே மூச்சில் நிரப்பச் சொன்னால், மாடல் அதை இரண்டு மூன்று படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல நினைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு 'படத்துக்கும்' ஒரு கதாநாயகன் வேண்டுமே; இரண்டாவது பாட்டில் அங்கிருந்துதான் முளைக்கிறது. சில மென்பொருள்கள், வெற்றிடத்தை நிரப்பும் முன் அதில் படத்தின் ஓரத்தைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி வைக்கின்றன. அப்போது ஓரத்தில் இருந்த கிண்ணமும் சேர்ந்து திரும்பி நிற்கும். அந்தப் பிம்பத்தை முழுக்க அழித்து வரையாமல் பாதி மட்டும் மாற்றும்படி அமைத்திருந்தால், இரட்டைக் கிண்ணம் உறுதி.

இதெல்லாம் தெரிந்தால் வழி தானாகத் திறக்கிறது. மாடலுக்குக் கிண்ணத்தைக் காட்டாமல் இருந்தால் போதும். பாட்டிலையும் காட்ட வேண்டியதில்லை. மேசையை மட்டும் காட்டி, மேசையை நீட்டச் சொல்லலாம்.

ஆனால் அதற்கு முன் கொஞ்சம் கணக்கு போட வேண்டியிருக்கிறது. பலரும் தாண்டிப் போகும் இடம் இது. நம் சதுரத்தின் உயரம் 1200 பிக்சல். அந்த உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு மூன்று மடங்கு அகலம் வேண்டுமென்றால் 3600 பிக்சல் ஆகிறது. கையில் இருப்பது 1200. மீதி 2400-ஐ மாடல் இட்டுக்கட்ட வேண்டும். பேனரில் மூன்றில் இரண்டு பங்கு புகைப்படமே அல்ல என்று ஆகிறது. பாட்டிலின் உயரமோ 840 பிக்சல்தான். அதன் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, படத்தை 1200-க்கு 960 என்று வெட்டிக்கொண்டால் பேனருக்கு வேண்டிய அகலம் 2880 ஆகக் குறைகிறது. இட்டுக்கட்ட வேண்டியது 1680. அதாவது மேலும் கீழும் 120 பிக்சல் வெட்டியதற்குப் பரிசாக, 720 பிக்சல் அகலத்துக்குக் கற்பனை செய்யும் வேலை மிச்சம். கடைசியில் இந்த 2880-க்கு 960 படத்தை மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கினால் சரியாக 1920-க்கு 640 வந்துவிடும்.

அடுத்த கேள்வி, அந்த 1680-ஐ இருபுறமும் எப்படிப் பிரிப்பது. பேனரில் எழுத்து வைக்க ஒரு பக்கம் இடம் வேண்டும். இடப்பக்கம் 1200, வலப்பக்கம் 480 என்று பிரித்தால் பாட்டில் பேனரின் நடுவைத் தாண்டிச் சற்று வலது பக்கம் நிற்கும். இடப்பக்கம் எழுத்துக்கு வெறும் சுவர் கிடைக்கும். வெறும் சுவர்தான் வேண்டும் என்பது இங்கே பெரிய அனுகூலம், ஏனென்றால் மாடல் பிழை செய்ய அங்கே அதிகம் எதுவும் இல்லை.

பிறகு, கோணம். சதுரப் படத்தில் பலகையின் விளிம்பு ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. 1200 பிக்சல் தூரத்தில் அந்தச் சாய்வு 21 பிக்சல்தான். அதே கோடு 2880 பிக்சல் வரை நீளும்போது சாய்வு 50 பிக்சல் ஆகிவிடும்; பாட்டில் சறுக்கி விழப் போவதுபோலத் தோன்றும். மாடல் இதைத் திருத்தித் தராது. கிடைத்த கோட்டை அதே சாய்வில் விசுவாசமாக நீட்டும், இல்லையென்றால் நடுவில் எங்கோ மடக்கிவிடும். பலகையை நேராக்குவதை முதலிலேயே செய்துவிட வேண்டும்.

இனி மேசையைக் காலி செய்யும் வேலை. வெட்டி நேராக்கிய படத்தை இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒரு பிரதியைத் தொடவே கூடாது; அது பத்திரமாகத் தனி லேயரில் இருக்கட்டும். இரண்டாவது பிரதியில் கருப்பட்டி, கிண்ணம், பாட்டில் மூன்றையும் அழித்து, வெறும் பலகையும் சுவருமாக ஆக்க வேண்டும். பொருளை அழிக்கும் கருவி இப்போது எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. பாட்டில் இருந்த இடத்தில் பலகையின் ரேகை கொஞ்சம் குழம்பியிருந்தாலும் பாதகமில்லை, கடைசியில் அந்த இடத்தை அசல் படம் மூடிவிடும். ஓரங்கள் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

நிழலையும் அழிக்க மறக்கக் கூடாது. பாட்டில் போய் நிழல் மட்டும் கிடந்தால், அது சொந்தக்காரன் இல்லாத நிழல். மாடல் அதற்கு ஒரு சொந்தக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தப் பார்க்கும். ஒரு சொம்போ ஜாடியோ காரணமில்லாமல் முளைத்தால், முதலில் தேட வேண்டியது அருகில் விட்டுப்போன நிழலைத்தான்.

காலி மேசை தயாரானதும் நீட்டலாம். ஒரே மூச்சில் 1200 பிக்சலை நிரப்பாமல் இரண்டு முறையாக, 600, 600 என்று செல்வது நல்லது. முதல் முறை மாடலுக்குக் காட்டுவது இடது ஓரத்தின் 400 பிக்சல் பழைய படமும் 600 பிக்சல் வெற்றிடமும் மட்டும். ஆக அதன் பார்வைக்கு வருவது 1000-க்கு 960 அளவுள்ள ஒரு சன்னல், அது பயிற்சி பெற்ற அளவுக்கு மிக அருகில். அடுத்த முறை, புதிதாக வந்ததில் இடது ஓரத்து 400 பிக்சலைக் காட்டி இன்னொரு 600. வலப்பக்கம் 480 மட்டும் என்பதால் ஒரே முறை போதும். ஒவ்வொரு முறையும் நிரப்பும் பகுதி பழைய படத்துக்குள் ஒரு 40 பிக்சல் நுழைந்திருக்க வேண்டும். அந்த ஓரம் படிப்படியாக மங்குவதாக இருந்தால் ஒட்டு தெரியாது. காம்ஃபியூஐ என்ற இலவச மென்பொருளில் இந்த மங்கலுக்கென்றே ஓர் எண் கேட்கப்படுகிறது. அதில் இயல்பாகவே 40 என்று வைத்திருக்கிறார்கள்.

மாடலுக்கு எழுதித் தரும் விவரிப்பில் பலரும் தவறுவது, முழுப் பேனரையும் வருணிப்பதுதான். 'மர மேசையில் எண்ணெய் பாட்டில், பக்கத்தில் எள் கிண்ணம்' என்று எழுதினால், மாடல் அந்தச் சொற்களைத் தான் நிரப்பும் இடத்துக்கான கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறது. பாட்டில் ஏற்கெனவே வேறிடத்தில் இருப்பது அதற்குத் தெரியாது. 'கிண்ணம் வேண்டாம்' என்று அதே வரியில் எழுதுவதும் பெரும்பாலும் எதிர்விளைவே தரும். வேண்டாம் என்ற சொல்லைவிடக் கிண்ணம் என்ற சொல்தான் பலமாக விழுகிறது. நிரப்பும் இடத்தில் என்ன இருக்க வேண்டுமோ அதை மட்டும் எழுதினால் போதும். நம் படத்துக்கு இவ்வளவுதான்:

```
empty old teak table top, plain lime-washed wall,
soft daylight from the left
```

இதிலும் ஒரு சொல்லைக் கவனித்துத் தேர்ந்திருக்கிறது. சன்னல் வழியே வரும் வெளிச்சம் என்று எழுதியிருந்தால் சுவரில் ஒரு சன்னலே வந்துவிடும். பகல் வெளிச்சம் என்றால் வெளிச்சம் மட்டும் வரும். விவரிப்பே இல்லாமலும் நிரப்ப முடிகிற மென்பொருள்களில், பின்னணி எளிமையாக இருந்தால் ஒன்றும் எழுதாமல் விடுவதும் நல்ல வழிதான்.

ஒவ்வொரு முறையும் நான்கைந்து மாதிரிகள் எடுத்துப் பார்த்து, அவற்றில் மிகச் சாதாரணமாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பது உத்தமம். கண்ணைக் கவரும் விரிசல், அழகான ஈரக்கறை, சுவரில் விழும் இலை நிழல் எல்லாம் தனியாகப் பார்க்கும்போது நன்றாக இருக்கும். எழுத்து மேலே ஏறியதும் அவையே இடையூறாகும்.

இப்போது கையில் இருப்பது 2880 பிக்சல் அகலத்துக்கு நீண்ட ஒரு காலி மேசை. பத்திரப்படுத்திய முதல் பிரதியை அதன் மேல், அசலான இடத்திலேயே, இடது ஓரத்திலிருந்து 1200 பிக்சல் தள்ளி வைக்க வேண்டும். பாட்டில், நிழல், கருப்பட்டி மூன்றும் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. இந்த லேயரின் இடது ஓரத்தை அதே 40 பிக்சல் அளவுக்கு மங்கச் செய்தால் ஒட்டுப்போட்ட இடம் மறையும். வலது ஓரத்தில் கிண்ணம் இருப்பதால் அங்கே மங்கச் செய்ய முடியாது. அதைப் பிறகு கவனிக்கலாம்.

அசல் பிரதியை இப்படி மேலே வைப்பதை வெறும் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பாட்டிலின் உருவம் மாறாமல் காப்பது இந்த ஒன்றுதான். நிரப்பச் சொன்ன இடத்தை மட்டும்தானே மாடல் தொட்டது, மற்ற இடம் அப்படியே இருக்குமே என்று தோன்றலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் குடும்பத்தைச் சேர்ந்த மாடல்கள் பிக்சல்களின் மேல் நேரடியாக வேலை செய்வதில்லை. முதலில் படத்தைச் சுருக்கி வேறொரு வடிவத்துக்கு மாற்றிக்கொள்கின்றன. வேலை முடிந்ததும் விரித்துத் தருகின்றன. 8-க்கு 8 பிக்சல் கட்டம் ஒன்றில் மூன்று வண்ணங்களுக்குமாக 192 எண்கள் இருக்கும். மேலே சொன்ன இரண்டு பதிப்புகளிலும் சுருக்கும்போது அந்தக் கட்டம் 4 எண்களாகிவிடுகிறது. சுவர், மரம், வானம் எல்லாம் இந்தச் சுருக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தோடு மீண்டு வரும். சின்ன எழுத்து மீளாது. லேபிளில் 16 பிக்சல் உயரமுள்ள ஓர் எழுத்து, சுருங்கிய வடிவில் உயரத்துக்கு இரண்டே புள்ளிகள். சுழியும் கொம்பும் புள்ளியும் நிறைந்த தமிழ் எழுத்து அதில் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. 'நல்லெண்ணெய்' நெளிந்து போனதற்குக் காரணம் இதுதான். மாடல் அதைத் திருத்தி எழுத முயன்றதே இல்லை. வாயால் சொன்னால் படத்தை மாற்றித் தரும் புதிய வகைக் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், படம் முழுவதையும் புதிதாக வரைந்தே தருகின்றன. அவற்றிலும் அசலை மேலே ஒட்டாமல் விட்டால் மூடியின் வடிவமும் கண்ணாடியின் தோள் வளைவும்கூடச் சற்று மாறியிருக்கும்.

பாட்டில் உண்மையிலேயே மாறவில்லையா என்பதைக் கண்ணை நம்பாமல் சோதித்துவிடலாம். ஃபோட்டோஷாப்பில் அசலைப் பேனரின் மேல் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டும் லேயர் முறைக்கு மாற்றினால், மாறாத இடமெல்லாம் கருப்பாகத் தெரியும். இமேஜ்மேஜிக் என்ற இலவச நிரல் வைத்திருப்பவர்கள், பாட்டில் உள்ள பகுதியை இரண்டு கோப்பிலிருந்தும் வெட்டி ஒப்பிடலாம்:

```
magick banner.png -crop 320x960+1640+0 +repage a.png
magick crop.png -crop 320x960+440+0 +repage b.png
magick compare -metric AE a.png b.png null:
```

விடை 0 என்று வந்தால் ஒரு பிக்சல்கூட மாறவில்லை. இதைச் சுருக்குவதற்கு முன்பே, பிஎன்ஜி கோப்பிலேயே செய்ய வேண்டும். ஜேபெக் ஆகச் சேமித்துவிட்டால் அந்தச் சேமிப்பே பிக்சல்களை மாற்றிவிடும்.

அடுத்து, பாதி வெட்டுப்பட்ட கிண்ணம். அசலை மேலே வைத்ததும் அதன் இடப்பாதி மட்டும் திரும்பி வந்திருக்கும். வலப்பாதி சட்டெனச் சுவரில் வெட்டி நிற்கும். இங்கே மட்டும் மாடலிடம் கிண்ணத்தைக் கேட்கலாம். கிண்ணத்தின் மறுபாதி எவ்வளவு இடம் பிடிக்குமோ, அதைச் சுற்றி ஒரு விரல்கடை கூடுதலாக, அந்த அளவுக்கு மட்டும் மாஸ்க் வரைந்து, எள் நிரம்பிய மண் கிண்ணம் என்று எழுதலாம். இங்கும் முந்தைய சன்னல் உத்தியே. கிண்ணத்தைச் சுற்றிய சிறு பகுதியை மட்டும் மாடலுக்குக் காட்டுவது. அவ்வளவு சிறிய இடத்தில் அரைக் கிண்ணம்தான் அடங்கும். இரண்டாவது கிண்ணத்துக்கு இடமே இல்லை. எத்தனை பொருள் வரும் என்பதைச் சொல்லைவிட மாஸ்கின் அளவுதான் தீர்மானிக்கிறது. கிண்ணத்தின் மறுபாதி கற்பனையானது என்பது உண்மை. ஆனால் யாரும் கிண்ணத்தை விற்கவில்லை.

இதே சலுகையைப் பாட்டிலுக்குத் தர முடியாது. விற்கும் பொருளே படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தால், அதை மாடலைக் கொண்டு முடிக்கக் கூடாது. பாட்டிலின் அடிப்பகுதியை, புடவையின் மறுமுந்தியை, காலணியின் குதிகாலை மாடல் தன் ஊகத்தால் வரைந்தால், வாங்குபவருக்குக் காட்டப்படுவது கடையில் இல்லாத ஒரு பொருள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், வந்து சேர்ந்த புடவையின் முந்தி படத்தில் இருந்ததைப் போல இல்லை என்றால் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்ல வேண்டியது கடைக்காரர்தான். அப்படிப்பட்ட படத்தை நீட்டாமல், வெட்டுப்படாத வேறு படத்தைத் தேடுவதே நியாயம்.

பித்தளை விளக்கு, எவர்சில்வர் தம்ளர், கண்ணாடி ஆகியவை இன்னொரு விதத்தில் கவனம் கேட்பவை. பளபளப்பான பொருளின் உடம்பில் அது எடுக்கப்பட்ட அறையே பிம்பமாக விழுந்திருக்கும். விளக்கின் வயிற்றில் இடப்பக்கம் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தால் அங்கே சன்னல் இருந்திருக்கிறது என்று பொருள். நீட்டிய பகுதியில் அந்தப் பக்கம் இருட்டுச் சுவரும் எதிர்ப்பக்கம் வெளிச்சமும் வந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் படம் ஒட்டாது. நம் எண்ணெய் பாட்டிலின் கண்ணாடியிலும் இடது விளிம்பில் ஒரு நீள ஒளிக்கோடு இருக்கிறது. இடப்பக்கச் சுவர் ஓரத்தை நோக்கிப் போகப் போக வெளிறியிருந்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் இருக்கும். விவரிப்பில் வெளிச்சத்தின் திசையைச் சொன்னது அதற்காகத்தான்.

எல்லாம் சேர்ந்தபின் சில சோதனைகள். படத்தை 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தால், திரும்ப வந்த வடிவங்கள் உடனே கண்ணில் படும். பெரிய அளவில் விவரங்களுக்குள் ஒளிந்துகொள்ளும் கணுவும் கறையும், சிறிய அளவில் ஒரே மாதிரிப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பதும் பழகிப்போன கண்ணுக்குப் புதுப் பார்வை தரும். இரண்டு முறையாக நீட்டியதால் சுவரின் நிறம் ஒவ்வொரு கட்டத்திலும் லேசாக மாறியிருக்கலாம். படத்தின் மாறுபாட்டைத் தற்காலிகமாக மிக அதிகமாக்கிப் பார்த்தால், ஒட்டு இருக்கும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை தெரியும். தெரிந்தால், அந்த ஓரத்தின் மங்கலை இன்னும் அகலமாக்க வேண்டும், அல்லது புதிய பகுதியின் நிறத்தைப் பழையதற்கு இணையாகத் திருத்த வேண்டும். நூறு சதவீத அளவில் பார்க்கும்போது இன்னொன்றும் தெரியும்: கேமரா எடுத்த பகுதியில் நுண்ணிய மணல் போன்ற பொரி இருக்கும், மாடல் வரைந்த பகுதி எண்ணெய் தடவியதுபோல வழவழப்பாக இருக்கும். புதிய பகுதிக்கு மட்டும் கொஞ்சம் பொரி சேர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பாட்டிலின் மேல் அதைத் தூவ வேண்டாம். 0 என்ற அந்த விடை கெடாமல் இருக்கட்டும்.

சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம், எல்லாப் படத்துக்கும் இத்தனை பாடு தேவைப்படாது. அமேசான் போன்ற தளங்களுக்கு முதன்மைப் படம் வெள்ளைப் பின்னணியில்தான் எடுக்கப்படுகிறது. அத்தகைய படத்தை நீட்ட மாடலே வேண்டாம், இருபுறமும் வெள்ளையடித்தால் முடிந்தது. மெல்ல மாறும் ஒற்றை நிறப் பின்னணிக்கும் சாதாரண கிரேடியன்ட் போதும். அவுட்பெயின்டிங் வேண்டியது மரம், கல், துணி, சுவர், இலை என்று பின்னணிக்கு ஒரு பதமும் ரேகையும் இருக்கும்போதுதான்.

முடிந்த பேனரைக் கைபேசியில் ஒருமுறை பார்க்காமல் ஏற்றிவிடக் கூடாது. பல இணையதள வார்ப்புருக்கள் சிறிய திரையில் பேனரின் நடுப்பகுதியை மட்டும் சதுரமாக வெட்டிக் காட்டுகின்றன. நம் பேனரின் அகலம் 1920. நடுச் சதுரம் 640-ஆவது பிக்சலில் தொடங்கி 1280-இல் முடிகிறது. பாட்டில் நிற்பதோ 1107-இலிருந்து 1293 வரை. ஆக அதன் வலது விளிம்பில் 13 பிக்சல் காணாமல் போகும். லேபிளின் ஓரமும் அதோடு போகலாம். இதைச் சரிக்கட்டப் பாட்டிலை நடுவுக்கு நகர்த்தினால் கணினித் திரையில் எழுத்துக்கு வைத்த இடம் குறையும். கைபேசிக்கென்று தனிப் படம் தர வார்ப்புரு இடம் கொடுத்தால் எந்தக் கணக்கும் வேண்டாம். ஓரத்தில் பாதிக் கிண்ணத்தோடு இருக்கிறதே, அந்தப் பழைய சதுரத்தையே அங்கே வைத்துவிடலாம்.